சாமி பேர் இல்லாத கல்யாணப் பாட்டு

கல்யாணப் பாட்டு எழுதுவதில் எனக்கு இந்த வட்டாரத்தில் பேர் உண்டு. நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யாரும் சொல்லக் காணோம். ராஜபாளையத்தில் எங்கள் மெல்லிசைக் குழு வரவேற்பு நிகழ்ச்சிகளில் வாசிக்கும். மணமக்களுக்கென்று புதுப்பாட்டு எழுதிக் கொடுப்பது என் வேலை. மெட்டை வாசித்துக் காட்டினால் டீ ஆறுவதற்குள் பல்லவி தயார்.

அப்பேர்ப்பட்ட என்னை ஒரே ஒரு பாட்டு பாடாய்ப் படுத்திவிட்டது. அது எங்கள் குழுவில் பாடுகிற பெண்ணின் கல்யாணத்துக்கான பாட்டு. அவள் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. ஆண்டாள் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. அப்பா பத்திரம் எழுதுகிறவர். நெற்றியில் திருமண் இட்டு, பெருமாளைச் சேவித்துவிட்டு வந்துதான் காபியைத் தொடுவார். பையன் ராஜபாளையம், ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போவதைத் தவறவிடாத கிறிஸ்தவக் குடும்பம். ரிஜிஸ்டர் கல்யாணம் முடிந்தது. அப்பா அதற்கு வரவில்லை, அன்றிலிருந்து மகளோடு பேசவும் இல்லை.

“அக்கா, வரவேற்புல அப்பா மேடையேறி என் தலையில கை வைக்கணும். அம்புட்டுதான் எனக்கு வேணும்” என்றாள். மேடையில் அப்படிப் பாடுகிறவள், இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல முடியாமல் தவித்தாள்.

அப்பா ஆள் மூலம் சொல்லியனுப்பிய பதில் இது: “வாரேன். கடைசி வரிசையில உக்காருவேன். எங்க ஆண்டாள் தாயாரையும் பெருமாளையும் பாட்டுல கண்டபடி இழுத்தா எந்திரிச்சுப் போயிருவேன்.”

இதென்ன பிரமாதம் என்று உட்கார்ந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண் என்றால் ஆண்டாள் என்று எழுதுவது எங்கள் ஊர்க் கைகள் தானாகச் செய்கிற காரியம். ‘ஆண்டாள் சூடிய மாலை இன்று மாப்பிள்ளை தோளுக்குப் போகுது’ என்று பல்லவி போட்டேன். கண்டபடி இழுக்கவில்லை, பெருமையாகத்தானே சொல்கிறோம் என்று நினைப்பு. மாப்பிள்ளை வீட்டார் மனம் கோணக் கூடாதே என்று ஒரு ‘கிருபை’யும், பொதுவாக இருக்கட்டும் என்று ஒரு ‘ஏழு ஜென்ம பந்த’மும் சேர்த்தேன். எழுதி முடித்ததும் என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

நல்லவேளை, மேடையில் பாடுவதற்கு முன்னால் இரண்டு வீட்டிலும் காட்டிவிடலாம் என்று தோன்றியது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பத்திரம் சரிபார்க்கிற மாதிரி விரல் வைத்துப் படித்தார்.

“ஏம்மா, என் மக ஆண்டாள்னா, மாலை வாங்குத மாப்பிள்ளை யாரு? பெருமாளா?”

தாளை என் பக்கம் தள்ளினார்.

“தாயார் சூடிக் கழிச்ச மாலையை நாங்க கண்ணுல ஒத்திக்கிடுவோம். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் எடுத்து ஆளுக்கு மாட்டுததுக்கா அது?”

அடுத்த பஸ்ஸில் ராஜபாளையம் வந்து மாப்பிள்ளையின் அம்மாவிடம் காட்டினேன். சபையில் பெண்கள் ஜெபக் கூட்டம் நடத்துகிற அம்மா. அவரும் அதே வரியில்தான் நின்றார்.

“என் மகன் மனுசன்மா. அவனைச் சாமி இடத்துல வைக்கப்படாது, அது எங்களுக்குப் பாவம்.” பிறகு ‘கிருபை’யைத் தொட்டார். “இது தகுதியில்லாதவங்களுக்கும் தேவன் சும்மா கொடுக்கது. நீங்க எங்களுக்கு மரியாதை செய்யப் போட்டிருக்கீங்க. அந்தச் சொல்லு மரியாதைக்கு இல்ல. பொறவு ஏழு ஜென்மம்னு இருக்கே? எங்களுக்கு ஒரே பிறப்புதான்.”

கோபம் கோபமாக வந்தது. வீட்டுக்கு வந்து பாத்திரங்களை உருட்டினேன். ஆனால் உருட்டும்போதே ஒன்று உறைத்தது. ஒருவரை ஒருவர் முகம் பாராத இரண்டு வீடும், ஒரே வரியை ஒரே காரணத்துக்காக அடித்திருக்கிறது! சாமிக்கு உரியதை மனுசனுக்குத் தூக்கிக் கொடுக்காதே என்றுதான் இரண்டு பேரும் சொன்னார்கள். அட, இவர்களைவிடப் பொருத்தமான சம்பந்தி எங்கே கிடைக்கும்!

ஒத்திகையில் எங்கள் கீபோர்டு அண்ணன் ஒரு யோசனை சொன்னார். “ஏ, எதுக்கு மண்டையை உடைக்க? பெருமாள், இயேசு, அல்லா, மூணு பேரையும் ஒரே வரியில போடு. எல்லாம் ஒண்ணுதான்னு முடி. கைதட்டு அள்ளிரும்.”

“எல்லாம் ஒண்ணுதான்னு அவிய சொன்னாவளா, நீங்க சொல்லுதியளா?” என்று ஒரு சத்தம் போட்டேன். அந்த வரி பொதுவாகத் தெரியும், ஆனால் அதுவும் ஒரு நம்பிக்கைதான். அதை நம்பாதவர் வாயில் திணித்தால் அவருக்குத் தொண்டையில் முள். பேர் பேராய் அடுக்கினால், யார் பேர் முதலில் வந்தது என்றுதான் கூட்டம் பார்க்கும்.

‘இறைவன்’ என்று போட்டுப் பார்த்தேன். அப்பாவுக்கு அது சிவன் சன்னதி வாசலில் நிற்கிற மாதிரி இருக்கிறதாம். அந்த அம்மாவுக்கோ, தன் வீட்டு ஜெபத்தில் வராத சொல்லாம். ‘புண்ணியம்’ போனது. மறுபிறப்பு வாடை அடித்த சொல்லெல்லாம் போனது. ‘விளக்கேற்ற வந்த மகாலட்சுமி’ போனாள். சலித்துச் சலித்து மிஞ்சியது இரண்டு வீட்டிலும் தினமும் நடக்கிற காரியங்கள். அதை எழுதினேன்:

ரெண்டு வீட்டு ஈரத்துணி
ஒரே கொடியில் ஆடட்டும்;
ஒரே வெயிலில் காயட்டும்.

இந்தத் தடவை இரண்டு வீட்டிலும் ஒருவரும் விரல் வைக்கவில்லை. ஆனால் அந்த அம்மா தாளை மடித்துக்கொண்டே, “நல்லாத்தான் இருக்கு. ஆனா சாமி இல்லாத கல்யாணம் மாதிரி இருக்கே” என்றார். ஸ்ரீவில்லிபுத்தூரில் அப்பாவும் ஏறக்குறைய அதையே சொன்னார். அழுகையே வந்துவிட்டது. சாமி வேண்டும், ஆனால் என் வாயிலிருந்து வரக் கூடாது!

அப்புறம்தான் புத்தி வேலை செய்தது. என் வாயிலிருந்து வரக் கூடாதென்றால் அவர்கள் வாயிலிருந்தே வரட்டுமே. கடைசிச் சரணத்தை இப்படி முடித்தேன்:

பெத்தவங்களே, பெரியவங்களே,
பாட்டு கொஞ்ச நேரம் நிக்கும்;
உங்க நெஞ்சில் உள்ள சொல்லை
உங்க வாயால் சொல்லிடுங்க.

அதன் பிறகு வார்த்தையே கிடையாது. தாளம் நிற்கும், கீபோர்டு மட்டும் மெலிதாக ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். “பாட்டுக்கு நடுவுல ஓட்டையா?” என்றார் அண்ணன். “ஓட்டைதான், வாயை மூடிக்கிட்டு வாசிங்க” என்றேன்.

வரவேற்பன்று மண்டபம் நிறைந்திருந்தது. அப்பா சொன்னபடியே கடைசி வரிசையில், வாசலை ஒட்டி உட்கார்ந்திருந்தார். பாடுகிறவளே மணப்பெண் என்பதால், நானே மைக்கைப் பிடித்துப் பாட ஆரம்பித்தேன். கொடியும் துணியும் வந்தபோது பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. கடைசி வரி வந்தது. தாளம் நின்றது.

மாப்பிள்ளையின் அம்மா மேடையேறிக் கண்ணை மூடினார். “கர்த்தர் உங்களை ஆசீர்வதிச்சுக் காக்கட்டும்” என்று தொடங்கியது தெளிவாகக் கேட்டது. மண்டபத்தில் அங்கங்கே அவரவர் சொல் முணுமுணுப்பாக எழும்பியது. பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம். போச்சு, எழுந்து போகிறார் என்று நினைத்தேன்.

அவர் வாசல் பக்கம் திரும்பவில்லை. நடுவழியே நேராக நடந்து வந்து மேடையேறி, மகள் தலையில் கை வைத்தார். “பெருமாளே, தாயாரே, என் பிள்ளைகளை...” என்றவருக்கு மேலே வரவில்லை. பிள்ளைகள் என்றாரே! மாப்பிள்ளையையும் சேர்த்துத்தானே சொன்னார்! அவள் மேக்கப்பெல்லாம் வழிய அழுதாள். நானும்தான்.

ஒத்திகையில் பேசி வைத்த இடைவெளி நேரம் முடிந்து, தாளப் பேடு வாசிக்கிறவர் தாளத்தைத் தொடங்கிவிட்டார். அப்பா, மகள் தலையிலிருந்து கையை எடுக்காமல், எங்கள் பக்கம் திரும்பி அதட்டினார்.

“ஏய், நிப்பாட்டுங்கய்யா. நான் இன்னும் சொல்லி முடிக்கலை.”