மோசடி என்று நான் ஒதுக்கிய தவணை

செங்காங்கில் இருந்த எங்கள் வீட்டைப் புதுப்பிக்க ஒரு வங்கியில் கடன் வாங்கியிருந்தோம். மாதத் தவணை, வேறொரு வங்கியில் இருந்த என் சம்பளக் கணக்கிலிருந்து ஜைரோ மூலம் தானாகக் கழியும். கூடுதல் வட்டிக்கு ஆசைப்பட்டு, சம்பளத்தைப் புதிய கணக்குக்கு மாற்றினேன். அன்றைக்கு மனைவிக்குக் கூட்டு வட்டி பற்றிப் பாடமே நடத்தினேன். ஜைரோவையும் மாற்ற வேண்டும் என்பது அந்தப் பாடத்தில் இல்லை.

பழைய கணக்கின் மிச்சம் ஒரு தவணைக்குத் தாங்கியது. அடுத்தது, பணம் போதாமல் திரும்பிவிட்டது. தவணை வரவில்லை என்று கடன் கொடுத்த வங்கி குறுஞ்செய்தி அனுப்பியது. நான் அதை மோசடி என்று முடிவு செய்து, குடும்பக் குழுவில் போட்டு எல்லாரையும் எச்சரித்தேன்.

"இதுல லிங்க் எதுவும் இல்லையேங்க," என்றாள் மனைவி.

லிங்க் இல்லாமல் அனுப்புவதுதான் புது உத்தி என்று விளக்கினேன். அலுவலகத்தில் பாக்கி வைத்த கடைகளை விரட்டிப் பணம் வசூலிப்பதுதான் என் வேலை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அடுத்த மாதத் தவணையும் திரும்பியது. வங்கியிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். உருப்படியாக ஒரு வேலை தேடிக்கொள்ளச் சொல்லி இணைப்பைத் துண்டித்தேன். அந்த வாரமே பழைய கார் ஒன்று வாங்கக் கடனுக்கு விண்ணப்பித்தோம். கிரெடிட் ரிப்போர்ட்டில் தவணை பாக்கி தெரிகிறது என்று நிராகரித்துவிட்டார்கள். அதன் பிறகுதான் மனைவி என்னைத் தேக்காவில் இருந்த வங்கிக் கிளைக்கு அழைத்துப்போனாள்.

முகப்பில் இருந்த தமிழ்ப் பெண் திரையைப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார். இரண்டு தவணை பாக்கி. ஒவ்வொன்றுக்கும் தாமதக் கட்டணம், பாக்கித் தொகைக்குத் தண்ட வட்டி. ஜைரோ திரும்பியதற்குப் பழைய வங்கி தனியாக ஒரு கட்டணம் பிடித்திருக்கும்.

"நாங்க கால் பண்ணோமே சார். நோட்ல என்னமோ எழுதியிருக்காங்க."

என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. மனைவி கேட்டாள். அந்தப் பெண் படிக்காமல் சிரித்ததே போதுமாக இருந்தது.

இரண்டு தவணையையும் கட்டணங்களையும் அங்கேயே கைப்பேசியில் கட்டினேன். இதுவரை ஒழுங்காகக் கட்டியவர் என்பதால் ஒரு தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்டுப்பார்ப்பதாகச் சொன்னார். புது ஜைரோ அமலாகச் சில வாரம் ஆகும், அதுவரை நானே கட்ட வேண்டும் என்றார்.

"கிரெடிட் ரிப்போர்ட்ல இருக்கிறத எடுக்க முடியாதா?" என்று கேட்டேன்.

"முதல் தவணை முப்பது நாள் தாண்டிடுச்சு சார். நடந்தது உண்மைதானே, எங்களால அழிக்க முடியாது லா. ரிப்போர்ட்ல கடைசிப் பன்னிரண்டு மாசம்தான் காட்டும். இனிமே டைமுக்குக் கட்டுங்க, மாசம் போகப் போக அது தானா நகர்ந்து போயிடும்."

தாமதக் கட்டணம் ஒன்றைத் திருப்பித் தந்தார்கள். கார் ஆசையை ஒத்திப்போட்டோம். உறவினர்கள் கேட்டால், கார் விலை குறையட்டும் என்று காத்திருப்பதாக மனைவி சொல்லிவிடுகிறாள். நான் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறேன்.