நசிமாவின் சிலிக்கா குழல்

நசிமாவுக்கு யாரையும் லேசில் நம்பிப் பழக்கமில்லை. அவளைக் குறை சொல்லிப் பயனில்லை, வளர்ந்த இடம் அப்படி. அத்தா முகம்மது நூகுவுக்கு விருதுநகரில் வத்தல் வியாபாரம். மூடையில் எடை குறைந்தால், "ஒண்ணு வெயில் குடிச்சிருக்கும், இல்ல ஒரு கை பட்டிருக்கும்" என்பார். வெயிலை நிற்கவைத்து விசாரிக்க முடியாது என்பதாலோ என்னவோ, மகள் இரண்டாவதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது அவள் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆராய்ச்சி மாணவி. ஆய்வேட்டுக்கு ஒரே ஒரு சேர்மம்தான் பாக்கி. அது சுத்தமாகக் கிடைத்துவிட்டால் பட்டம், இல்லாவிட்டால் இன்னும் ஒரு வருடம் இதே நெடியில் கிடக்க வேண்டும். வினை முடிந்ததும் கிடைப்பது அழுக்கு கலந்த பிசின். சிலிக்கா நிரப்பிய கண்ணாடிக் குழலில் அதை ஏற்றி இறக்கினால் சேர்மம் மஞ்சளாகத் தனியே இறங்கி வரும். வரத்தான் செய்தது. ஆனால் பாதிக்குப் பாதி காணவில்லை. மறுமுறையும் அதே கதை.

மதியம் நசிமா லுஹர் தொழப் போகும் நேரத்தில் குழலைப் பார்த்துக்கொள்பவள் ஆர்த்தி. ஊர் எம்.புதுப்பட்டி, வயதில் இளையவள், பக்கத்து மேசையில் இதே வகைச் சேர்மங்களோடு மல்லுக்கட்டுபவள். "போயிட்டு வாங்கக்கா, நான் பாத்துக்கிடுறேன்" என்று அவள் சிரித்த முகமாகச் சொல்வதே இப்போது உறுத்தியது. இவளுக்கு என்னத்துக்கு இம்புட்டு அக்கறை?

கையிருப்பில் இருந்த கடைசிப் பிசினை எடுத்த அன்று நசிமா ஆர்த்தியிடம் சொல்லிவிட்டாள்.

"இனிமே என் குழல்ல யாரும் கை வைக்க வேண்டாம்."

"சரிக்கா" என்றாள் ஆர்த்தி. சிரிப்பு போய்விட்டது.

குழலின் அடியில் பஞ்சு வைத்து, ஹெக்சேன் என்ற கரைப்பானில் சிலிக்காவைத் தோசைமாவு பதத்தில் கலக்கி ஊற்றினாள் நசிமா. காற்றுக்குமிழி தங்காதபடி ரப்பர் குழாயால் பக்கவாட்டில் தட்டினாள். பிசினைக் கரைத்து, கொஞ்சம் சிலிக்காவில் ஊறவைத்து, பொடியாக உலர்த்தி மேலே தூவி, அதன்மேல் மணல் பரப்பினாள். கரைப்பான் ஊற்றியதும் மஞ்சள் பட்டை இறங்கத் தொடங்கியது. உச்சியில் ஒரு பழுப்புக் கறை தங்கியது. அவள் அதைச் சட்டை செய்யவில்லை. அடியில் சொட்டுவதைப் பிடித்து நிரம்பிய டியூப் ஒவ்வொன்றின் பின்புறமும், திரவம் நிற்கும் மட்டத்தில், யாராவது எடுத்தால் காட்டிக்கொடுக்கும்படி, யாருக்கும் தெரியாமல் மெல்லிய கோடு போட்டுவைத்தாள்.

பட்டை பாதி இறங்கியிருந்தபோது ஆய்வு வழிகாட்டி ஸ்ரீராம்குமார் கூப்பிட்டனுப்பினார். உடனே திரும்பிவிடலாம் என்று அடியில் ஒரு குடுவையை வைத்துவிட்டுப் போனாள். குழலின் அடிக்குழாயை மூடவில்லை. அவரோ பேச்சை விடுவதாக இல்லை.

திரும்பி வந்தபோது கரைப்பான் முழுக்க வடிந்திருந்தது. சிலிக்கா காய்ந்து, மஞ்சள் பட்டையின் குறுக்கே விரிசல் ஓடியிருந்தது. எதிரே ஆர்த்தி கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பாத்துக்கிட்டா இருந்தே?"

"ஆமாக்கா."

"குழாயை அடைச்சிருக்கக் கூடாதா?"

"கை வைக்க வேண்டாம்னீகளே. வச்சிருந்தா எடுத்துட்டேம்பீக. எங்கய்யா பட்டாசுக் கம்பெனில வேலை பாத்தவரு. அங்க கை மாறி மருந்தைத் தொட்டா வெடிச்சிரும், அடுத்தவக ரூம்ல கை வைக்காதேன்னு சொல்லித்தான் எங்களை வளத்தாரு."

நசிமாவுக்கு ஆத்திரம் பொங்கியது. அதற்குமேல் வெட்கம் பிடுங்கித் தின்றது.

குழலைக் கவிழ்த்து, சிலிக்காவை எத்தில் அசிடேட்டில் அலசி, மிஞ்சியதை மீட்டாள். டியூபுகளின் கோடுகள் இருந்த இடத்திலேயே இருந்தன, யாரும் தொடவில்லை. அப்படியிருந்தும், மீட்டதில், முன்பு பெயருக்கு மட்டும் தெரிந்த ஒரு கசடு இப்போது பெருத்திருந்தது.

அப்போதுதான் உறைத்தது: சிலிக்காவில் கிடக்கும் நேரம் கூடினால் கசடும் கூடுகிறது. சிலிக்கா பூசிய ஒரு சதுரத் தகட்டின் மூலையில், முதல் டியூபில் இருந்த சுத்தமான சேர்மத்தைப் புள்ளி வைத்துக் கரைப்பானில் ஓடவிட்டாள். உலர்த்திக் காத்திருந்து, தகட்டைப் பக்கவாட்டில் திருப்பி மறுபடி ஓடவிட்டாள். சேர்மம் சேதமாகாமல் இருந்தால் மூலைக்கு மூலை போகும் கோட்டில் ஒரே புள்ளிதான் தெரிய வேண்டும். புறஊதா விளக்கின் கீழே, அந்தக் கோட்டை விட்டு விலகி இன்னொன்றும் நின்றது. சிலிக்காவில் இருக்கும் துளி அமிலம்தான் சேர்மத்தை உடைத்திருக்கிறது. எந்தக் கையும் படவில்லை. அத்தா சொன்ன வெயில் இதுதான்.

மறுநாள் ஹெக்சேனில் அமிலத்தை அடக்கக் கொஞ்சம் டிரைஎத்தில்அமீன் சேர்த்துக் குழலை நிரப்பினாள். அறை முழுக்கக் கருவாட்டு வாடை. இந்தமுறை, மீட்டெடுத்த பிசினைச் சிலிக்காவில் உலர்த்தாமல் கரைசலாகவே ஏற்றினாள். உச்சியில் பழுப்பில்லை. மஞ்சள் முழுசாக இறங்கிக்கொண்டிருந்தது.

லுஹருக்கு நேரமானது.

"ஆர்த்தி, தப்பு என் பேர்லதான். தொழுதுட்டு வந்துர்றேன். கொஞ்சம் பாத்துக்கிடுறியா?"

ஆர்த்தி எழுந்து வந்து குழாய்க்குப் பக்கத்தில் நின்றாள்.

"பாத்துக்கிடுறேன்க்கா. போறதுக்கு முந்தி டியூபுக்கெல்லாம் பின்னால கோடு போட்டுட்டுப் போங்க."