முதல் நாள், மாலை நான்கு மணி

மாதக் கணக்கு முடிக்கும் பட்டியலை எழுதியது நான்தான். லண்டனில் கிங்ஸ்பரிக்குப் பக்கத்தில் உணவுப் பொருள் இறக்குமதி செய்யும் ஒரு கம்பனியில், கணக்குப் பிரிவில் நாங்கள் ஐந்து பேர். புதிதாக வந்த மேலாளர் மலேசியத் தமிழர். படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பொறுப்பாளரும் ஒரு நேரமும் போட்டுத் தரச் சொன்னார்.

எனக்கு இப்படிப்பட்ட வேலை பிடிக்கும். ஐந்தாம் வேலை நாள் காலை பத்து மணிக்கு இயக்குநர்களின் மேசையில் அறிக்கை இருக்கவேண்டும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வந்தேன். முதல் நாள் நண்பகல் வங்கிக் கணக்கு ஒப்பிடுதல், பொறுப்பு நான். மாலை நான்கு மணி, சரக்கு வந்தும் பில் வராதவற்றைச் செலவில் ஏற்றுதல், பொறுப்பு எங்கள் பிரிவின் மன்னார்க்காரி. இரண்டாம் நாள் மாலை சரக்கு இருப்பு. இப்படி இருபத்தாறு வரிகள். ஒருவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் ஆளுக்கொரு நொண்டிச்சாட்டு வரும் என்பது என் எண்ணம்.

வேலை முடிந்தால் கணினியில் அந்த வரிக்கு டிக் போடவேண்டும். போட்ட நேரம் தானாகவே பதிவாகும். நேரம் தாண்டினால் கட்டம் சிவப்பாகிவிடும். இரண்டாம் மாதத்திலேயே எல்லோரும் சூட்சுமத்தைப் பிடித்துக்கொண்டோம். நேரத்துக்கு டிக்கைப் போடுவது, மிச்ச வேலையைப் பிறகு முடிப்பது. என்னுடைய வங்கி வரி பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது பச்சையாகும். பொருந்தாத தொகைகளைத் தேடி முடிக்க மூன்று மணியாகும். இதைப் பொய் என்று நான் அப்போது நினைக்கவேயில்லை.

மன்னார்க்காரி மட்டும் முடியாத வேலைக்கு டிக் போடமாட்டாள். கொள்முதல் பில்களைப் பதிகிறவள், ஆறு மாத ஒப்பந்தத்தில் வந்தவள். ஞாயிறு தேவாலயப் பூசை தவறாது, பேச்சு குறைவு. அவளுடைய நான்கு மணி வரி மூன்று மாதமும் சிவப்பு.

நான்காம் மாதக் கணக்குக்கு முந்திய கிழமை மேலாளர் என்னைக் கூப்பிட்டார். அவளை நிரந்தரமாக்குவதா, ஒப்பந்தத்தோடு அனுப்புவதா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லவேண்டுமாம். சிவப்புகளை எண்ணி வைத்திருந்தார். அவளுடைய வேலையைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்.

எழுத உட்கார்ந்தபோதுதான் அவளுடைய வரியை முதன்முறையாகக் கவனமாகப் பார்த்தேன். மூன்று மாதமும் இரண்டாம் நாள் பதினொன்றரை மணியளவில் முடித்திருக்கிறாள். ஏன் எப்போதும் அதே நேரம்? கிடங்குக்குப் போன் எடுத்தேன். மாதக் கடைசி நாள் மாலையில் இறங்கும் சரக்கின் ரசீதுகளை மறுநாள் எண்ணிச் சரிபார்த்து, இரண்டாம் நாள் காலை ஒன்பதரைக்குக் கம்பனி வான் வண்டியில் அனுப்புகிறார்களாம். அப்படித்தான் எப்போதும் வழக்கமாம். ஆக, நான் போட்ட நேரத்துக்கு அவளுடைய கையில் தாளே இருக்காது.

எங்களைப்போல அவளும் டிக் போட்டிருக்கலாம். ஆனால் அந்தச் சரக்கு இருப்பில் ஏறியிருக்கும், அதற்குக் கொடுக்கவேண்டிய பணம் செலவில் ஏறாமல் நின்றிருக்கும். இல்லாத லாபம் ஒன்று அறிக்கையில் தெரிந்திருக்கும். எனக்கு வெட்கமாக இருந்தது.

அவர் கேட்ட பக்கத்தை நான் எழுதவில்லை. மேலாளரிடம் நேரே போய், பிழை அவளுடையது அல்ல, நேரம் போட்ட என்னுடையது என்றேன். என் வங்கி வரியின் பச்சையைப் பற்றியும் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. பட்டியலைத் திறந்தார். அவளுடைய நேரத்தை இரண்டாம் நாள் நண்பகலுக்கு மாற்றச் சொன்னார், என்னுடையதை முதல் நாள் மூன்றரைக்கு. வெள்ளிக்கிழமை அவளுக்கு நிரந்தரக் கடிதம் கிடைத்தது.

அன்று மத்தியானம் அவளுடைய மேசைக்குப் போனேன். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் என்பதை ஒளிக்கப்போவதில்லை. நான்கு மணி என்று போட்டது என் பிழை, கிடங்கு வழக்கம் இப்போதுதான் தெரிந்தது, அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன்.

அவள் பில்களிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"முதல் மாதமே உங்களிட்டச் சொன்னனான், அண்ணை. ரசீது அடுத்த நாள்தான் வரும், நாலு மணிக்கு ஏலாது எண்டு. நீங்கள் ஸ்க்ரீனைப் பாத்துக்கொண்டே, ஓம் ஓம், லிஸ்டில போட்டாச்சு, இனி மாத்த ஏலாது எண்டனீங்கள்."

எனக்கு அப்படி ஒன்று நினைவில் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அவள் பொய் சொல்கிறவளும் இல்லை.