வீட்டுக்கு வந்தால் வற்றும் கட்டி

உளுந்தூர்பேட்டையில் பரோட்டா மாஸ்டராக நிற்கிறேன். வலது மணிக்கட்டின் மேல்புறத்தில் எனக்கொரு கட்டி உண்டு. தொட்டால் மெத்தென்றிருக்கும். மாவு பிசைந்து வீசி அடிக்கிற நாட்களில் நெல்லிக்காய் அளவுக்கு வந்து வலிக்கும். கையைச் சும்மா வைத்திருந்தால் மெல்ல வற்றும்.

"குழவியால ஒரே போடு போட்டா ஒடஞ்சிடும் மாஸ்டர்" என்றார் கூட வேலை செய்பவர். என் கை போனால் பரோட்டாக் கல் அவருக்கு. அக்கறை இருக்காதா பின்னே?

முதலாளிதான் கட்டி வற்றும்வரை லீவு கொடுத்தார். மலைமேல் இருக்கிற என் ஊர் வெள்ளிமலைக்கு வந்தேன். ஜீப்பை விட்டு இறங்கியதும் என் மனைவி பையை வாங்கவில்லை, மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். "ஜாஸ்தியாதான் இருக்குது" என்றாள். முகத்தில் ஒரு சந்தோஷம்.

நான்கைந்து நாட்களில் கட்டி சிறுத்தது. உடனே விறகு பிளக்கக் கோடாரியை நீட்டினாள். மறுநாள் சாமை குத்த உலக்கை. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"ரெஸ்ட்டு எடுக்க வந்தவன் கையில இன்னாத்துக்குடி இதெல்லாம்?"

அவள் உலக்கையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "கட்டி போயிட்டா நீங்களும் போயிடுவீங்களே" என்றாள். என் கோபம் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

பெரிய வியாதியாக இருக்குமோ என்ற பயமும் அவளுக்கு இருந்தது. இரண்டு பேருமாகக் கள்ளக்குறிச்சிக்குப் போய் டாக்டரிடம் காட்டினோம். அவர் கட்டியின் ஓரத்தில் டார்ச் அடித்தார். வெளிச்சம் உள்ளே ஊடுருவிக் கட்டி முழுக்கச் சிவப்பாய்த் தெரிந்தது.

"உள்ள தண்ணிதான். புத்துநோய் இல்ல, பயப்படாதீங்க" என்றார். "மூட்டு வழவழன்னு அசையறதுக்கு உள்ள ஒரு தண்ணி இருக்குது. மூட்டைச் சுத்தியிருக்கிற உறை ஓரெடத்துல பிதுங்கி பை மாதிரி ஆயிடும். சின்னக் காம்பு வழியா தண்ணி அதுல ஏறும். ஏறுனது லேசுல எறங்காது, ஜெல்லி மாதிரி கெட்டியாயிடும். கை ஜாஸ்தி அசைஞ்சா பெருசாவும், ஓய்வு கொடுத்தா கம்மியாவும். ஏன் வருதுன்னு முழுசா தெரியல. ஊசி போட்டு உறிஞ்சிடலாம், ஆனா காம்பு உள்ளயே இருக்கும். மறுபடி வரலாம்."

"மறுபடி வருமா டாக்டர்?" என் மனைவியின் முகம் மலர்ந்துவிட்டது. இதைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட ஆளை அவர் பார்த்திருக்கமாட்டார். வலி பொறுக்க முடியாவிட்டால் வரச் சொன்னார். ஊசி வேண்டாமென்று சொல்லிவிட்டுத் திரும்பினோம்.

எப்படியும் மறுபடி வரும் என்ற தைரியமோ என்னவோ, அதன் பிறகு அவள் ஒரு வேலையும் தரவில்லை. ஒரு காலையில் கட்டி வற்றி மணிக்கட்டு மட்டமாகியிருந்தது. கட்டி வற்றிவிட்டதா என்று முதலாளி போனில் கேட்டார். அவள் அருகில்தான் நின்றாள். என் கையை எடுத்துக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள், ஒன்றும் இல்லாத இடத்தை.

"இன்னும் இருக்குது" என்றாள் மெதுவாக.

"இன்னும் வத்தல முதலாளி" என்றேன்.

கீழே ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது. அவள் என் கையை விடவில்லை.