இரண்டு முனையும் ஒன்றாய் இருந்த குமிழ்

முத்தையாபுரத்தில் கேஸ் அடுப்பு தயாரிக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தேன். புது மாடலுக்குக் குமிழை வரைந்தது நான். நடுவில் ஒரு பட்டை, இரண்டு முனையும் ஒரே மாதிரி, ஒரு ஓரத்தில் சிறிய சிவப்புப் புள்ளி. கடைகளில் வைத்துக் காட்டியபோது கையால் திருகிப் பார்த்த எல்லோரும் "நல்லாருக்கு" என்றே சொன்னார்கள். யாரும் குறை சொல்லாதது எனக்கு உறுத்தலாக இருந்தது. குமிழை வார்க்கும் அச்சு வெட்டக் கொடுக்கும் முன், அடுப்போடு ரொம்பச் சிரமப்படுகிற இரண்டு பேரிடம் அதைக் கொடுத்துப் பார்க்கிறேன் என்று முதலாளியிடம் கேட்டேன்.

"சீக்கிரம் முடிம்மா. அச்சுக்காரன் காத்துக்கிட்டு இருக்கான்" என்றார்.

ஒருவர் எண்பது தாண்டிய பெரியவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், தனியாக இருந்தார். இன்னொருவர், துறைமுகச் சாலையில் லாரிக்காரர்களுக்குச் சோறு போடும் மெஸ்காரி அக்கா. இருவர் வீட்டிலும் அடுப்பை மாட்டிவிட்டுச் சில நாள் கழித்துப் பார்க்கப் போனேன். அவர்கள் செய்வதை ஓரமாய் நின்று பார்க்க வேண்டும். சொல்லிக் கொடுக்கவோ உதவவோ கூடாது. இது நான் எனக்கே போட்டுக்கொண்ட விதி.

பெரியவர் எனக்காக டீ போட்டார். பால் பொங்கியதும் குமிழைக் கடைசிவரை திருகினார். கடைசிவரை போனால் அணைந்துவிடும் என்று அவர் நினைத்தார். எங்கள் அடுப்பில் கடைசியில் இருப்பது சிம். அணைக்க வேண்டுமானால் வந்த வழியே திருப்ப வேண்டும். அரை வட்டம் திரும்பிய பட்டை, அணைத்து வைத்த பட்டையைப் போலவே நின்றது. புள்ளி மட்டும்தான் இடம் மாறியிருந்தது. கண்புரை வந்த கண்ணுக்கு அது தெரியவில்லை.

அவர் பாத்திரத்தை எடுத்ததும் ஜன்னலிலிருந்து கடல் காற்று வீசியது. பட்டப்பகலில் அரைகுறையாய்த் தெரிந்த நீலச் சுடர் காணாமல் போனது.

என் விதிப்படி ஓரமாகவே நின்றேன். கண்டுபிடிப்பாரா என்று பார்த்தேன். அவர் டீயை ஆற்றினார். கேஸ் நாற்றம் என் மூக்கில் ஏறியது. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. வயதானால் மோப்பமும் போய்விடும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஒரே புழுக்கமா இருக்கு" என்று சுவரில் இருந்த ஃபேன் சுவிட்சை நோக்கிக் கை நீட்டினார்.

"தாத்தா, தொடாதீங்க!"

கத்திக்கொண்டே அவர் கையைத் தட்டிவிட்டேன். டீ அவர் வேட்டியில் கொட்டியது. குமிழை மூடினேன், சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடினேன், கதவுகளைத் திறந்து அவரை வாசலுக்கு இழுத்துவந்தேன்.

"ஏளா, கிறுக்கு புடிச்சிருக்கா ஒனக்கு? நான் அணைச்சிட்டேம்லா!" என்றார். அவர் பொய் சொல்லவில்லை.

செய்தி அவர் மகளுக்குப் போனது. அன்று மாலையே வந்து சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் பெரியவர் போனில் என்னிடம் சொன்னார்: "நீ வந்து பாத்த, என் அடுப்பே போச்சு."

முதலாளி அசரவில்லை. "அவ்வளவு வயசானவரா நம்ம கஸ்டமரு? அவருக்காக அச்சை மாத்தணுமா?"

மெஸ்ஸுக்குப் போனேன். மதியக் கூட்டம். அக்கா ஒரு கையில் கரண்டியோடு, ஈரமான மறு கையால், முகத்தைப் பந்தியின் பக்கம் வைத்துக்கொண்டே குமிழ்களைத் திருகிக்கொண்டிருந்தார். எல்லாக் குமிழிலும் ஒரு முனையில் மட்டும் சைக்கிள் டியூப் துண்டு சுற்றியிருந்தது.

"இது எதுக்குக்கா?"

"சோத்து நேரத்துல வந்து கேள்வி கேக்காளே! ஈரக்கையில வழுக்குது, சுத்துனேன்."

"ஒரு பக்கம் மட்டும்?"

"ரெண்டு பக்கமும் சுத்துனா எது அணைஞ்சிருக்கு, எது எரியுதுன்னு எப்படித் தெரியும்? சாம்பார் அடிபுடிக்கும்லா" என்று சொல்லிவிட்டுப் பந்திக்கு ஓடினார்.

பெரியவருக்குக் கண் போதவில்லை. அக்காவுக்குக் கண்ணை இந்தப் பக்கம் திருப்ப நேரமில்லை. இருவருக்கும் தேவைப்பட்டது ஒன்றேதான்: தொட்டாலே நிலை தெரிகிற குமிழ். கடையில் குனிந்து நின்று திருகிப் பார்த்தவர்களும் வீட்டில் போனில் பேசிக்கொண்டே, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டேதான் திருகுவார்கள். கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியாது.

ஒரு குமிழில் டியூப் சுற்றியும் இன்னொன்றில் சுற்றாமலும் ஓர் அடுப்பை முதலாளியின் மேசையில் வைத்து, "கண்ணை மூடிக்கிட்டு, எது சிம்முல இருக்குன்னு சொல்லுங்க அண்ணாச்சி" என்றேன். டியூப் சுற்றியதைத் தொட்டதும் சொன்னார்; சுற்றாததைத் தடவித் தடவிப் பார்த்தும் அவரால் சொல்ல முடியவில்லை. பிறகு அச்சுக்காரருக்குப் போன் போட்டு நிறுத்தச் சொன்னார்.

புதுக் குமிழில் ஒரு முனை மட்டும் நீண்டு, சொரசொரப்பாய் வெளியே துருத்தி நின்றது. அதை மாட்டிய அடுப்போடு பெரியவர் வீட்டுக்குப் போனேன். மகள் கைகட்டி நின்றாள். சிலிண்டரை இணைக்காமல் திருகச் சொன்னேன். அவர் கோபம் தீராமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே திருகினார், கடைசிவரை போனார், விரலால் முனையைத் தடவினார், திருப்பிக் கொண்டுவந்தார். மறுபடி. மறுபடி. ஒருமுறைகூடத் தவறவில்லை.

"டீக்கு மட்டும்தான்ப்பா. நான் சாயங்காலம் வந்து பாப்பேன்" என்றாள் மகள்.

பெரியவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "டீயில சீனி எவ்வளவு போடணும்னு, வந்திருக்காளே, அவகிட்ட கேளு" என்று மகளிடம் சொன்னார்.