“ஆமாம் சார்” என்றே ஓட்டிய ஐந்து மாதம்

திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மில்லில், அதாவது நிலக்கடலை உடைக்கும் மில்லில், எம்.ஏ. இங்கிலீஷ் படித்தவள் என்ற ஒரே காரணத்துக்காக என்னை வேலைக்கு எடுத்தார்கள். ஆறு மாதம் பார்ப்போம், அப்புறம் நிரந்தரம் என்றார் முதலாளி. கறுத்த பருப்பைக் கேமராவால் பார்த்து, காற்றால் ஊதித் தள்ளும் மிஷின் ஒன்று அங்கே உண்டு. அதைச் செய்த கம்பெனியின் இன்ஜினியர் ஸ்காட்லாந்துக்காரர். வெள்ளிக்கிழமைதோறும் வீடியோவில் வருவார். அவரோடு பேசுவதுதான் என் வேலை.

முதல் நாள் அவர் பத்து நிமிடம் பேசினார். அது இங்கிலீஷ்தானா என்றே எனக்குச் சந்தேகம். பெரிய மனுஷரைத் திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்பது மரியாதை இல்லையே. “எஸ் சார்” என்றேன்.

“இன்னாம்மா சொல்றாரு?” என்றார் முதலாளி.

“எல்லாம் நல்லாருக்குதாம் சார்.”

முதலாளி கேட்கச் சொன்னதை நான் மடமடவென்று இங்கிலீஷில் ஒப்பிப்பேன், அவர் பேசுவார், நான் “எஸ் சார்” என்பேன். இப்படியே ஐந்து மாதம் ஓடியது. ஐப்பசி மழையில் மிஷின் கறுப்பையும் வெள்ளையையும் ஒன்றாகவே அனுப்பியது. காற்றுக் குழாயில் தண்ணீர் சேர்ந்து வால்வுகள் ஒட்டிக்கொண்டன. மழைக்காலத்தில் காற்று பில்டரில் தேங்கும் தண்ணீரைத் தினம் இரண்டு வேளை வடிக்கச் சொல்லித்தான் அதற்கு முந்தின வாரம் அவர் பேசியிருக்கிறார் என்று, பின்னால் அந்த அழைப்பின் பதிவைக் கேட்டபோதுதான் தெரிந்தது. அதற்கும் நான் “எஸ் சார்”.

“வர்ற வெள்ளிக்கெழம கடைசி. மெட்ராஸ்லேர்ந்து ஆள் கொண்ணாந்துடுவேன்,” என்றார் முதலாளி. நியாயம்தான். எனக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது.

மிஷின் ஓட்டும் அக்காவிடம் போய், என்ன கோளாறு, என்னென்ன பாகம், எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டேன். எதைப் பற்றிப் பேச்சு என்று தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பழைய அழைப்பின் பதிவைத் தினம் கொஞ்சம் கேட்டேன். மனுஷர் ‘ட்’ என்ற சத்தத்தைத் தொண்டையிலேயே விழுங்குகிறார், ஆனால் ‘ர்’ நம்மைப் போலவே உருள்கிறது. எல்லா வார்த்தையையும் துரத்துவதை விட்டுவிட்டு, அவர் அழுத்திச் சொல்வதை மட்டும் பிடித்தேன்.

வெள்ளிக்கிழமை அவர் பேசி முடித்ததும் “எஸ் சார்” நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்: “முதலில் கம்ப்ரசரை நிறுத்துகிறோம். காற்றை முழுதாக வெளியேற்றிவிட்டு வால்வுகளைக் கழற்றித் துடைக்கிறோம். அதற்கு அடுத்தது மட்டும் பிடிபடவில்லை. அதை மட்டும் மறுபடி சொல்லுங்கள்.”

சொன்னார். குழாயையும் ஊதிக் காயவைக்க வேண்டுமாம். அக்கா அப்படியே செய்தாள். பருப்பு வெள்ளையாக விழுந்தது.

இன்ஜினியர் இன்னும் திரையை விட்டுப் போகவில்லை. முகம் சிவந்து, மெதுவாக ஏதோ சொன்னார். ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது.

“இன்னாம்மா சொல்றாரு?”

“இன்னிக்கி நான் நிறுத்திப் பேசுனதாலதான் அவருக்குப் புரிஞ்சுதாம் சார். இத்தினி நாளா நான் பேசுனது பாதிக்கு மேல புரியலியாம். கேக்க வெக்கப்பட்டுக்கினு அவரும் எஸ்சு எஸ்சுன்னே சொல்லிக்கினு இருந்தாராம்.”

முதலாளி என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்.

“அப்ப அஞ்சு மாசமா ரெண்டு பேரும் இன்னாதான் பேசிக்கினு இருந்தீங்க?”