தண்ணிக்குக் கழித்த நிறை

எங்கள் வீட்டில் என் கணவர் இவருடைய நிறையை எழுதும் வேலை என்னுடையது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். என் எழுத்து பெரிதாகவும் கோணலாகவும்தான் வரும். நாட்காட்டியில் அன்றன்று கிழிக்கும் தாளின் பின்பக்கத்தில் எழுதி, வலை பின்னும் தங்கூசி நூலில் கோத்து வைப்பேன். “அறுபத்திரண்டு. செருப்பு இறுக்கம்.” “அறுபத்திரண்டு. காலில் விரலால் அமத்தக் குழி விழுந்தது.” “ரெண்டு தலகணை கேட்டவர்.”

இதயம் பலவீனமாகிவிட்டது, இரத்தத்தைச் சரியாகத் தள்ளுவதில்லை, அதனால் உடம்பில் தண்ணீர் தேங்கும், நாளாந்தம் நிறையையும் வீக்கத்தையும் எழுதுங்கள் என்று கிளினிக்கில் டொக்டர் சொல்லியிருந்தார். எழுதினேன். எழுதியதை வைத்து என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரியாதவளுக்கு எல்லாமே பயம். இருமினால் பயம், இருமாமல் பேசாமல் இருந்தாலும் பயம். ஓட்டோ பிடித்து நாயாற்றிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இவரைக் கொண்டு ஓடியதும், ஒன்றுமில்லை என்று அவர்கள் திருப்பி அனுப்பியதும் உண்டு. அதன் பிறகு நான் வாய் திறந்தாலே கரையில் பகிடி. “உன்ர மனுசி அலை அடிச்சாலும் அம்புலன்சுக்கு அடிப்பா” என்று இவரோடு கடலுக்குப் போன கூட்டாளிகள் சொல்வார்களாம். இவரும் அதை வீட்டுக்கு வந்து எனக்கே சொல்லிச் சிரிப்பார்.

ஒரு கிளினிக் நாளில் அங்கிருந்த தாதி என் தாள் கட்டை வாங்கிப் பார்த்தார்.

“அக்கா, இதை வாசிச்சு முடிக்க எனக்கு ஒரு கிழமை லீவு வேணும்.”

“பிழையோ மிஸ்?”

“பிழை இல்லை. நல்லா எழுதியிருக்கிறியள். ஆனா இப்பிடித் துண்டு துண்டாக் கிடந்தா ஒருத்தருக்கும் ஒண்டும் விளங்காது.”

ஒரு வெள்ளைத் தாளில் கட்டம் போட்டார். மேலே திங்கள் முதல் ஞாயிறு வரை. பக்கத்தில் கிலோ. ஒவ்வொரு நாளின் நிறைக்கும் ஒரு புள்ளி வைத்துக் கோட்டால் இணைத்தார். கீழே வீக்கத்துக்கு ஒரு வரிசை: இல்லையென்றால் பூச்சியம், கணுக்காலென்றால் ஒன்று, முழங்காலுக்குக் கீழே வரை என்றால் இரண்டு, அதற்கு மேலே என்றால் மூன்று. அதன் கீழே, படுக்க மூச்சு முட்டாமல் இருக்கத் தலகணை எத்தனை என்று இன்னொரு வரிசை.

நான் எழுதியிருந்த கிழமைகளையெல்லாம் கீறி முடித்தபோது தாதியின் முகம் மாறியது. நிறைக் கோடு தட்டையாகவே போனது. வீக்கம் மட்டும் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறியிருந்தது.

“கால் இவ்வளவு வீங்க நிறை ஏன் அசையேல்லை? ஆர் அக்கா நிறை பாக்கிறது?”

“இவர்தான் ஏறி நிண்டு சொல்லுவார். நான் குசினிக்குள்ள நிண்டு கேட்டு எழுதுவன்.”

தாதி இவரைக் கிளினிக் தராசில் ஏற்றினார். அறுபத்தாறு காட்டியது.

“அண்ணை, இண்டைக்குக் காலமை வீட்டில என்ன சொன்னனீங்கள்?”

“அறுபத்திரண்டு.”

“தராசு என்ன காட்டினது?”

இவர் கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்லுகிற முகமாக இருக்கவில்லை. “அது அறுபத்தாறுதான் காட்டினது. நான் தண்ணிக்குக் கழிச்சுச் சொன்னனான்.”

“என்ன தண்ணி?”

“வீக்கத் தண்ணிதான். மீன் நிறுக்கேக்க முதலாளி ஐசுக்கும் தண்ணிக்கும் கழிச்சுப்போட்டுத்தானே கணக்கெழுதுறவர்? தண்ணி என்ர நிறை இல்லையே மிஸ். கால் கூட வீங்கினா கூடக் கழிப்பன்.”

நாற்பது வருடம் கடலில் நின்ற மனிதன். நேர்மையாகத்தான் கழித்திருக்கிறார். தாதிக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரித்து முடிக்கவில்லை. “அண்ணை, அந்தத் தண்ணியைத்தான் நாங்கள் நிறுக்கிறம்” என்று சொல்லிவிட்டு டொக்டரிடம் எழுந்து போனார். அன்றே இவரை வீட்டுக்கு விடாமல் வார்ட்டில் மறித்தார்கள்.

ஊசி போட்டுத் தண்ணீரை இறக்கினார்கள். வீடு வரும்போது இவர் அறுபத்தொன்று. வீட்டுத் தராசையும் கொண்டுவரச் சொல்லி, கிளினிக் தராசோடு ஒப்பிட்டுப் பார்த்தார் தாதி. பிறகு புதுத் தாளில் அறுபத்தொன்றில் ஒரு கோடு கீறி எனக்குச் சொல்லித் தந்தார். காலையில் எழும்பிச் சலம் கழித்த பிறகு, சாப்பிட முதல், ஒவ்வொரு நாளும் ஒரே சாரத்தோடு, சீமெந்துத் தரையில் நிறுக்க வேண்டும். தராசின் இலக்கத்தை நானே பார்க்க வேண்டும். கோட்டுக்குக் கிட்ட நின்றால் பச்சை. மூன்று நாளுக்குள் இரண்டு கிலோ ஏறினாலோ, வீக்கம் ஒரு படி கூடினாலோ, தலகணை ஒன்று கூடுதலாகக் கேட்டாலோ மஞ்சள்: அன்றைக்கே கிளினிக்குக்குப் போன் எடுக்க வேண்டும், டொக்டர் தந்த குளிசையை நாங்களாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. இரண்டு கிலோ இறங்கித் தலை சுற்றினாலும் போன்தான். சும்மா இருக்கவே மூச்சு வாங்கினால், நெஞ்சு நொந்தால், மயங்கினால் சிவப்பு. “அப்ப தராசைத் தேடக்கூடாது அக்கா. அம்புலன்சுக்கு அடிக்கோணும்.”

தாளைச் சுவரில் ஒட்டினேன். “நாயாத்தில ஒரு சிக்னல் லைட்டும் இல்லை. என்ர வீட்டில மூண்டு நிறத்தில இருக்கு” என்று வருகிறவர்களுக்கெல்லாம் இவர் காட்டினார்.

உப்பு விலக்கியிருந்தும் இவர் கருவாட்டுக் குழம்பைக் களவாகச் சாப்பிட்ட ஒரு கிழமையில் கோடு மஞ்சளைத் தொட்டது. போன் எடுத்தேன். அழவில்லை, கெஞ்சவில்லை, இலக்கங்களை மட்டும் வாசித்தேன். தாதி டொக்டரிடம் கேட்டுவிட்டு, மூன்று நாளைக்குத் தண்ணீரைச் சலமாக இறக்கும் தண்ணிக் குளிசை ஒன்று கூடுதலாகப் போடவும், பிறகு இரத்தம் சோதிக்க வரவும் சொன்னார். கோடு இறங்கியது. என் பயத்தை மற்றவர்கள் பகிடியாக எடுக்காத முதல் நாள் அது.

மழைக்காலம் வந்தது. நிறை அறுபத்தொன்றிலேயே நின்றது. இலக்கத்தை நானே குனிந்து பார்க்கிறேன், கழிக்க ஒருவரும் இல்லை. ஆனால் வீக்கம் ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போனது. போனைக் கையில் எடுத்தேன்.

“கோடு நேராத்தானே போகுது? ஏன் அந்தப் பிள்ளையைக் கரைச்சல் படுத்துறாய்?” என்றார் இவர்.

“வீக்கம் ஒரு படி கூடினாலும் மஞ்சள் எண்டுதான் மிஸ் சொன்னவா.”

உடனே கூட்டிவரச் சொன்னார்கள். டொக்டர் காலைப் பார்த்ததை விட இவருடைய தோளையும் மேற்கையையும்தான் கூட நேரம் பார்த்தார். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். நாலு வாய்க்கு மேல் இறங்குவதில்லை என்றேன். பிறகுதான் விளங்கப்படுத்தினார்: உடம்பில் சதை கரைகிறது, அது கரைந்த இடத்தில் தண்ணீர் சேருகிறது, அதனால்தான் தராசு அசையவில்லை.

இந்த முறையும் தண்ணீரை இறக்கினார்கள். இறக்கி முடிய ஐம்பத்தேழு. தாதி புதுத் தாள் எடுத்து அந்த இடத்தில் கோடு கீறினார்.

“பழைய கோடு எங்க மிஸ்?” இவர் கேட்டார்.

“அது இனிச் சரிவராது அண்ணை. அதைப் பாத்துக்கொண்டிருந்தா தண்ணி நிண்டாலும் பச்சை எண்டுதான் காட்டும்.”

“அப்ப அந்த நாலு கிலோவும் திரும்பாதோ?”

தாதி கோடு கீறிய அடிமட்டத்தை மேசையில் வைத்தார். “சதை கொஞ்சம் வைக்கலாம். முட்டை, மீன் சாப்பிடுங்கோ, உப்பில்லாமல். ஒவ்வொரு கிளினிக்குக்கும் கோட்டைத் திருப்பிப் பாப்பம்.”

இவர் தலையாட்டினார். வெளியே கிடந்த வாங்கில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் தாளை மடிக்கும்போதுதான் கவனித்தேன். முந்தின தாளில் கட்டங்கள் கீழே ஐம்பத்தைந்தோடு முடிந்திருந்தன. இதில் தாதி இன்னும் இறங்க இடம் விட்டு நாற்பத்தைந்து வரை கீறியிருந்தார். ஏனென்று அவரிடம் கேட்க வாயெடுத்தேன். கேட்காமல் மடித்துப் பையில் வைத்தேன்.